விடை சொன்னால் சுண்டல்

கொலு பார்க்க வரும் பிள்ளைகள் சுண்டலை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். அவர்களைக் கொஞ்ச நேரம் படிக்கு முன்னால் உட்கார வைக்க இந்தப் பாட்டு. பெரியவர் ஒருவர் பாட, பிள்ளைகள் கைதட்டி எதிர்ப்பாட்டுச் சொல்லட்டும். மூன்றாவதை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பாடுங்கள், அதற்குத்தான் யோசிப்பார்கள்.

விடுகதை ஒன்று போடட்டுமா?
போடு, போடு!
விடையைச் சொன்னால் சுண்டல் உண்டு!
கொடு, கொடு!

அரச மரத்தின் அடியில் இருப்பார்,
அருகம் புல்லே போதும் என்பார்;
முறத்தைப் போலக் காது இரண்டு,
முன்னால் பானை வயிறும் உண்டு;
குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டால்
தப்பை எல்லாம் மறந்திடுவார்;
இத்தனை பெரிய உடம்பைச் சுமக்க
எலியைப் பிடித்தார், யார் அவர்?

விடியும் முன்னே எழுந்து பார்த்தேன்,
வீதி முழுக்க ஒரே புகை;
கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும்
கிடந்து எரியுது வாசலிலே;
குளிரும் கையில் குட்டி மேளம்,
டும்டும் டும்டும் கொட்டுகிறேன்;
நாளைக்குத்தான் பால் பொங்கும்,
இன்றைக்கு என்ன நாள்?

காதோலை உண்டு, காது இல்லை;
கருகமணி உண்டு, கழுத்து இல்லை;
மஞ்சள் உண்டு, முகமே இல்லை;
மாலை உண்டு, தோளே இல்லை;
வெல்லம் கலந்த அரிசி வைத்தால்
வாயே இல்லாமல் வாங்கிக்கொள்வாள்;
கரையில் தம்பி சப்பரம் இழுக்க,
கட்டுச்சோறு அம்மா பிரிக்க,
நுரையும் சுழியுமாய் ஓடி வருவாள்;
யார் அவள்? அன்று என்ன நாள்?

ஊருக்குள்ளே வீடு வேண்டாம்,
எல்லை ஓரம் போதும் என்பார்;
மண்ணில் செய்த குதிரை உண்டு,
புல்லும் கொள்ளும் தின்பதில்லை;
முறுக்கு மீசை, முட்டைக் கண்கள்,
இரவில் தூங்கும் பழக்கமில்லை;
நாம் உறங்க நம் வயலை
நடந்து காப்பார், யார் அவர்?

மாவில் பதிந்த சின்னக் காலடி
வாசல் தாண்டி உள்ளே போகும்;
வெளியே வந்த தடமே இல்லை!
வெண்ணெய்க் கிண்ணம் காலி, காலி!
பாட்டி கையை மடக்கி மடக்கிப்
பதித்த பாதம் யாருடையது?

படி படி என்பார் அப்பா தினமும்,
இன்று மட்டும் தொடாதே என்றார்;
கணக்குப் புத்தகம் பொட்டு வைத்துப்
பட்டுத் துணிமேல் தூங்குகிறது;
அண்ணன் சைக்கிள் மாலை போட்டு
மாப்பிள்ளை போல் நிற்கிறது;
என்ன நாள்?

வானில் மெல்லிய நகக்கீற்று,
மாடி எல்லாம் ஒரே கூட்டம்;
நேற்று வரையில் மாலை தோறும்
பள்ளிவாசல் கஞ்சி தந்த
பக்கத்து வீட்டு அத்தை நாளை
பிரியாணியோடு வருவாள், என்ன நாள்?

அண்ணாமலையின் உச்சியிலே
கொப்பரை நிறைய நெய் எரியும்;
வாசல் தோறும் அகல்கள் வரிசை,
வாயில் இனிக்கும் பொரியுருண்டை;
மாவலி சுற்றினால் பொறி பறக்கும்;
என்ன நாள்?

விடைகள்: பிள்ளையார், போகி, காவிரி, ஆடிப்பெருக்கு, ஐயனார், கண்ணன், சரஸ்வதி பூஜை, ரம்ஜான், கார்த்திகை தீபம். ஐயனாரைக் கருப்பசாமி என்று சொல்லும் பிள்ளைக்கும் சுண்டல் கொடுங்கள். அந்த ஊர் எல்லையில் நிற்பவர் அவராக இருக்கலாம்.