கை, வண்ணம், பாலம்: கணித மன்ற வினாடி வினா

நடத்துபவருக்கு: நான்கு அணிகள்: முக்கோணம், நாற்கரம், ஐங்கோணம், அறுகோணம். அணிக்கு மூன்று பேர். சரியான விடைக்கு 5, காரணத்துக்கு 10. இந்த விகிதத்தை மாற்ற வேண்டாம்; காரணத்துக்குக் கூடுதல் மதிப்பெண் இல்லையென்றால் பிள்ளைகள் ஊகித்தே ஜெயித்துவிடுவார்கள். மாநில எல்லைகள் மட்டும் உள்ள இந்திய வரைபடம், நான்கு நிற சாக்பீஸ், பழைய செய்தித்தாள் ஏழு தாள் தயாராக இருக்கட்டும். சாய்வெழுத்தில் இருப்பதை வாசிக்க வேண்டாம்.

தொடக்கம்

எல்லோருக்கும் வணக்கம். உட்காராதீர்கள், அப்படியே நில்லுங்கள். அடுத்த ஒரு நிமிடம் யாரோடு வேண்டுமானாலும் கைகுலுக்கலாம். யாரோடும் குலுக்காமல் சும்மாவும் நிற்கலாம். எத்தனை தடவை குலுக்கினோம் என்று மட்டும் அவரவர் எண்ணிக்கொள்ள வேண்டும். ஒரே ஆளோடு இரண்டு தடவை குலுக்கினால் இரண்டு பேருமே அதை இரண்டாக எண்ணுங்கள். ஆரம்பிக்கலாம்!

*(ஒரு நிமிடம். சத்தம் இருக்கும், இருக்கட்டும்.)*

போதும். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் மட்டும் நில்லுங்கள், மற்றவர்கள் உட்காருங்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது இரட்டைப்படை எண் என்று பந்தயம் கட்டுகிறேன். எண்ணிப் பாருங்கள்.

*(ஒற்றைப்படையாக வந்தால்: “யாரோ ஒருவர் தப்பாக எண்ணியிருக்கிறார், கணக்கு தப்பாது” என்று சொல்லி, இன்னொரு தடவை ஓட விடவும்.)*

ஒரு கைகுலுக்கலில் இரண்டு கைகள். அதனால் எல்லோருடைய எண்ணிக்கையையும் கூட்டினால் எப்போதும் இரட்டைப்படைதான் வரும். ஒற்றைப்படைக்காரர்கள் ஒற்றைப்படையான அளவில் இருந்தால் அந்தக் கூட்டுத்தொகையும் ஒற்றைப்படையாகிவிடுமே! ஆளைப் புள்ளியாகவும் குலுக்கலைக் கோடாகவும் வரைந்தால் அதுதான் கோட்டுரு. ஒரு புள்ளியில் வந்து சேரும் கோடுகளின் எண்ணிக்கை அந்தப் புள்ளியின் படி. இன்றைக்குத் தேவையான கருவி இவ்வளவுதான்.

முதல் சுற்று: கைகுலுக்கல்

முக்கோணம் அணிக்கு. கபடி ஆட்டம் முடிந்தது. ஓர் அணியின் ஏழு பேரும் எதிரணியின் ஏழு பேரோடு ஆளுக்கு ஒரு தடவை கைகுலுக்குகிறார்கள். மொத்தம் எத்தனை குலுக்கல்?

*விடை: 49. ஒவ்வொருவருக்கும் ஏழு, அப்படி ஏழு பேர். இங்கே இரண்டால் வகுக்கக் கூடாது, ஓர் அணியின் பக்கமிருந்து மட்டுமே எண்ணுகிறோம். 98 என்று சொன்னால் ஒரு வாய்ப்பு கூடக் கொடுக்கலாம்.*

நாற்கரம் அணிக்கு. அதே 14 பேர். இப்போது சொந்த அணிக்காரர்களோடும் குலுக்குகிறார்கள், யாரையும் விடவில்லை. மொத்தம்?

*விடை: 91. 14 × 13 ÷ 2. “முன்பு வந்த 49-ஓடு ஓர் அணிக்குள் 21, இன்னொரு அணிக்குள் 21” என்று கூட்டிச் சொல்பவருக்கு முழு மதிப்பெண்ணோடு ஒரு கைதட்டலும்.*

ஐங்கோணம் அணிக்கு. ஒரு வகுப்பில் 25 பேர். ஒவ்வொருவரும் சரியாக 7 பேரோடு கைகுலுக்க வேண்டும் என்று வகுப்புத் தலைவர் உத்தரவு போடுகிறார். எப்படி ஏற்பாடு செய்வீர்கள்?

*விடை: செய்யவே முடியாது. 25 × 7 = 175, ஒற்றைப்படை. ஒரு குலுக்கலுக்கு இரண்டு கை என்பதால் 175-ஐப் பாதியாக்க வேண்டும். 87½ குலுக்கல் எங்கே கிடைக்கும்?*

அறுகோணம் அணிக்கு. ஐந்து பேர் கூடியிருக்கிறார்கள். யார் யாரோடு குலுக்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ஜோடி ஒரு தடவைக்கு மேல் குலுக்கவில்லை, அது மட்டும் உறுதி. குறைந்தது இரண்டு பேருக்காவது ஒரே எண்ணிக்கை வரும் என்கிறேன். ஏன்?

*விடை: வரக்கூடிய எண்கள் 0, 1, 2, 3, 4. ஐந்து பேருக்கும் வேறு வேறு என்றால் 0-வும் 4-ம் இருந்தே ஆக வேண்டும். 4 வைத்திருப்பவர் எல்லோரோடும் குலுக்கியவர், 0 வைத்திருப்பவர் யாரோடும் குலுக்காதவர். இரண்டும் ஒரே கூட்டத்தில் நடக்காது.*

இனி எல்லா அணிகளுக்கும் ஒரே கேள்வி. மூன்று நிமிடம், தாளில் எழுதிக் கொடுங்கள். சித்தப்பா வீட்டில் கிரகப்பிரவேசம். சித்தப்பா, சித்தி, இன்னும் மூன்று தம்பதிகள், ஆக எட்டுப் பேர். யாரும் தன் கணவரோடோ மனைவியோடோ குலுக்கவில்லை. பந்தி முடிந்ததும் சித்தப்பா மற்ற ஏழு பேரிடமும் “எத்தனை பேரோடு கைகுலுக்கினீர்கள்?” என்று கேட்கிறார். ஏழும் வெவ்வேறு விடைகள். சித்தி எத்தனை பேரோடு குலுக்கினார்?

*(அரங்கம் “தகவல் பத்தாது டீச்சர்” என்று சொல்லும். காத்திருக்கவும்.)*

*விடை: 3. அதிகபட்சம் 6 என்பதால் ஏழு விடைகளும் 0 முதல் 6 வரை. 6 என்றவர் தன் துணையைத் தவிர எல்லோரோடும் குலுக்கியிருக்கிறார். ஆகவே 0 என்றவர் அவருடைய துணையாகத்தான் இருக்க முடியும். இந்தத் தம்பதியை வெளியே அனுப்புங்கள், மிச்சமுள்ள எல்லோருக்கும் ஒன்று குறையும். அதே வாதத்தில் 5-ம் 1-ம் தம்பதி, 4-ம் 2-ம் தம்பதி. துணையில்லாமல் மிஞ்சுவது 3, அதுதான் சித்தி. கரும்பலகையில் எட்டுப் புள்ளி வைத்து வரைந்தே காட்டவும். வாயால் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது.*

இரண்டாம் சுற்று: வண்ணம்

விதி ஒன்றே ஒன்று. எல்லைக்கோட்டைப் பகிரும் இரண்டு பகுதிகளுக்கு ஒரே நிறம் கூடாது. மூலையில் மட்டும் தொட்டால் பரவாயில்லை.

ஐங்கோணம் அணிக்கு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. குறைந்தபட்சம் எத்தனை நிறம்? வரைபடத்தில் பூசியே காட்டுங்கள்.

*விடை: மூன்று. தமிழ்நாடும் தெலங்கானாவும் சிவப்பு, கர்நாடகம் பச்சை, கேரளமும் ஆந்திரமும் நீலம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒன்றையொன்று தொடுவதால் இரண்டு நிறம் போதாது. எவராவது புதுச்சேரியைக் கேட்பார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று அது நான்கு பகுதி. கர்நாடகத்தை எங்கேயும் தொடாததால் எல்லாத் துண்டுக்கும் பச்சை பூசலாம். கேட்டவருக்கு 2 மதிப்பெண்.*

முக்கோணம் அணிக்கு, வேகமாக. சதுரங்கப் பலகைக்கு இரண்டு நிறம் போதும். மூலையில் தொட்டாலும் வேறு நிறம் வேண்டும் என்றால்?

*விடை: நான்கு. ஒரு மூலையில் கூடும் நான்கு கட்டங்களும் அப்போது ஒன்றையொன்று தொடும். அதே நான்கையே திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் பலகையும் முடிந்துவிடும்.*

நாற்கரம் அணிக்கு. ஐந்து மன்றங்கள்: கணிதம், கோகோ, நாடகம், செஸ், பாட்டு. கணிதத்திலும் கோகோவிலும் ஒரே பிள்ளை இருக்கிறார். அதுபோல் கோகோ–நாடகம், நாடகம்–செஸ், செஸ்–பாட்டு, பாட்டு–கணிதம். இவை ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. எத்தனை பீரியட் ஒதுக்க வேண்டும்?

*விடை: மூன்று. ஐந்து புள்ளிகளும் ஒரு வளையம். பீரியட்டை நிறம் என்று நினைத்தால், இரண்டு நிறத்தை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டே போகும்போது ஐந்தாவது புள்ளி இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும். ஆறு மன்றம் வளையமாக இருந்தால் இரண்டே போதும். தேர்வு அட்டவணை போடுவதும் இதே வேலைதான்.*

அறுகோணம் அணிக்கு, இந்தச் சுற்றின் கடினமான கேள்வி. சத்தீஸ்கரைப் பாருங்கள். அதையும் அதைத் தொடும் மாநிலங்களையும் மட்டும் வண்ணம் பூசினால் எத்தனை நிறம் வேண்டும்? 2014-க்கு முந்தைய வரைபடத்தில் எத்தனை?

*விடை: இப்போது நான்கு, அப்போது மூன்று. உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா, ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று ஏழு மாநிலங்கள் சத்தீஸ்கரைச் சுற்றி வளையமாக நிற்கின்றன. ஏழு ஒற்றைப்படை, ஆக வளையத்துக்கே மூன்று நிறம், நடுவில் ஒன்று. தெலங்கானா பிரியும் முன் வளையத்தில் ஆறுதான். இரண்டும் ஒன்றும் மூன்று.*

ஒரு மாநிலம் பிறந்ததில் ஒரு நிறம் கூடியது. சரி, இன்னும் பிரித்துக்கொண்டே போனால் ஐந்தாவது நிறம் தேவைப்படுமா? 1852-ல் பிரான்சிஸ் குத்ரீ என்ற இளைஞர் இங்கிலாந்தின் மாவட்ட வரைபடத்துக்கு வண்ணம் பூசும்போது இதையேதான் யோசித்தார். 1879-ல் கெம்ப் “நான்கு போதும்” என்று நிரூபித்தார். 11 ஆண்டுகள் எல்லோரும் அதை நம்பினார்கள். 1890-ல் ஹீவுட் அதில் ஓட்டையைக் காட்டினார். கடைசியில் 1976-ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஆப்பெல், ஹாக்கன் இருவரும் கணினியை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டி முடித்தார்கள்: ஒவ்வொரு பகுதியும் ஒரே துண்டாக இருக்கும் எந்த வரைபடத்துக்கும் நான்கு போதும். கையால் சரிபார்க்க முடியாத ஒன்றை நிரூபணம் என்று சொல்லலாமா என்று அப்போது பெரிய சண்டை. அதற்கு இன்று மதிப்பெண் கிடையாது, தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் சுற்று: பாலம்

*(தரையில் சாக்பீஸால் ஆறு. நடுவில் ஒரு தீவு, அதற்குக் கிழக்கே இன்னொரு நிலம், வடகரை, தென்கரை. தீவிலிருந்து வடகரைக்கு இரண்டு தாள், தென்கரைக்கு இரண்டு, கிழக்குக்கு ஒன்று. கிழக்கிலிருந்து இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஆக ஏழு.)*

ஊர் கோனிக்ஸ்பர்க், ஆறு பிரெகல். ஏழு பாலங்களையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து நடக்க முடியுமா? அணிக்கு ஒருவர் வாருங்கள். கடந்த பாலத்தின் தாளை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது ஏமாற்ற முடியாது.

*(நான்கு பேரும் தோற்ற பிறகு)* இப்போது சொல்லுங்கள், ஏன் முடியவில்லை?

*விடை: ஒரு நிலத்துக்குள் வர ஒரு பாலம், வெளியேற ஒரு பாலம். புறப்படும் இடத்தையும் முடியும் இடத்தையும் தவிர மற்றவற்றுக்குப் பாலங்கள் ஜோடியாக இருக்க வேண்டும். இங்கே படி 5, 3, 3, 3; நான்கும் ஒற்றைப்படை. இரண்டுக்கு மேல் கூடாது. “நிறைய முயன்றோம், வரவில்லை” என்பது காரணமில்லை, 0.*

இதை 1735-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாசித்துக் காட்டியவர் ஆய்லர். கோனிக்ஸ்பர்க்கிலேயே பிறந்த தத்துவ அறிஞர் காண்ட்டுக்கு அப்போது 11 வயது.

முதலில் மணி அடிக்கும் அணிக்கு: நடை சாத்தியமாக வேண்டுமென்றால் எந்த ஒரு பாலத்தை இடிக்க வேண்டும்?

*விடை: எதை இடித்தாலும் சரி. இரு முனையிலும் ஒற்றைப்படை இரட்டைப்படையாகும். மிச்சம் இரண்டே ஒற்றைப்படை.*

மீண்டும் மணி. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து தீவிலிருந்து வடகரைக்கு ஒன்றும் தென்கரைக்கு ஒன்றும் போய்விட்டன. ஊருக்கு இன்று கலினின்கிராட் என்று பெயர். மிச்சமுள்ள ஐந்து வழிகளில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பீர்கள்?

*விடை: தீவில் தொடங்கிக் கிழக்கு நிலத்தில் முடிக்கலாம், அல்லது திருப்பி. அவை இரண்டுக்கும் படி 3, கரைகளுக்கு 2. இரண்டு தாளை எடுத்துவிட்டு நடக்க வைக்கவும்.*

கடைசி மணி. கை எடுக்காமல் வீடு வரைவோமே, சதுரம், உள்ளே பெருக்கல் குறி, மேலே கூரை. அதை எங்கே தொடங்க வேண்டும்?

*விடை: கீழ் மூலைகளில் ஒன்றில். அங்கே மட்டும் படி 3. மேல் மூலைகளில் 4, கூரை உச்சியில் 2. (பெருக்கல் குறியின் நடுவில் 4.)*

சமநிலை வந்தால் மட்டும்

சிக்குக் கோலத்தில் சில ஒரே இழை, சில இரண்டு மூன்று இழை. இதோ ஒன்றோடொன்று பின்னிய இரண்டு வளையங்கள். இதைக் கை எடுக்காமல், போட்ட கோட்டில் மறுபடி போகாமல், ஒரே ஓட்டமாக வரைய முடியுமா?

*விடை: முடியும். கோடுகள் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் நான்கு முனைகள், எல்லாமே இரட்டைப்படை. வெட்டும் இடத்தில் நேரே போகாமல் அடுத்த வளையத்துக்குத் திரும்பினால் போதும். இழைகள் பின்னியிருக்கும் எந்தச் சிக்குக் கோலத்துக்கும் இது பொருந்தும். முதலில் பலகையில் வரைந்து காட்டும் அணிக்கே வெற்றி. சொன்னால் மட்டும் போதாது. கையெடுத்தால் அடுத்த அணியைக் கூப்பிடவும்.*