நிலைப்பு வேறு, செயல்திறன் வேறு: மோட்டார் லூப் கணக்கு

தம்பி,

நீ வியாழக்கிழமை கொடுத்த கணக்கைத் திருத்திவிட்டேன். லூப் நிலையானதா என்று சோதிக்கும் ரௌத் அட்டவணையில் பிழையில்லை. கடைசி வரியில் "K > 0, லூப் நிலையானது, எனவே வடிவமைப்பு சரி" என்று எழுதியிருக்கிறாயே, அந்த "எனவே"யைத்தான் அடித்திருக்கிறேன். கலைத்துவிட்டால் லூப் தானாக அடங்குமா என்பதற்கு மட்டுமே நிலைப்பு பதில் சொல்லும். எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தாண்டிப்போய் அடங்கும் என்பது வேறு கேள்வி.

உன் மோட்டாரையே எடுத்துக்கொள். பிளான்ட் `1/(s(s+2))`, கெயின் K. லூப்பை மூடினால் சமன்பாடு `s² + 2s + K = 0`. தண்டை 30 டிகிரி திருப்பச் சொல்வோம்.

K = 0.02: சமன்பாட்டின் மூலங்களான போல்கள் -0.01, -1.99 அருகே. நிலையானதுதான். ஆனால் 2 சதவீதத்துக்குள் வர ஏறத்தாழ 400 வினாடி ஆகும். கிட்டத்தட்ட ஆறரை நிமிடம்!

K = 100: தணிப்பு விகிதம் ζ = 0.1. இதுவும் நிலையானதே. ஆனால் 73 சதவீத ஓவர்ஷூட். 30-ஐத் தாண்டி 52 டிகிரி வரை ஓடி, ஆறு முறைக்கு மேல் ஆடி, 4 வினாடியில் அடங்கும்.

K = 2: ζ = 0.707, ஓவர்ஷூட் 4.3 சதவீதம். அடங்க இதற்கும் சுமார் 4 வினாடிதான். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. கெயினை 50 மடங்கு ஏற்றியும் அடங்கும் நேரம் ஏன் குறையவில்லை? K, 1-ஐத் தாண்டிவிட்டால் போல்களின் மெய்ப்பகுதி -1-லேயே நின்றுவிடுகிறது. அதிர்வு வேகம் மட்டும்தான் கூடும். சீக்கிரம் அடங்க வேண்டுமானால் வேகப் பின்னூட்டம் சேர்க்க வேண்டும்.

அதற்காகக் கெயினைக் குறைத்தே வைக்கலாம் என்றும் எண்ணாதே. தண்டின் மேல் நிலையான சுமை d வந்தால் மிஞ்சும் பிழை `d/K`. 0.02-ல் அது 50 மடங்கு சுமை; 2-ல் பாதி.

இன்னொன்று, பெஞ்சில் கட்டாயம் சந்திப்பாய். டிரைவரில் 0.05 வினாடி நேர மாறிலியுள்ள முதல்வரிசைத் தாமதம், அதாவது `1/(0.05s+1)`, இருந்தால் சமன்பாடு `0.05s³ + 1.1s² + 2s + K = 0`. ரௌத் போடு: `K < 44`. தாளில் நிலையாக இருந்த 100 இப்போது அடங்காமல் ஆடும், K = 2 நிலையாகவே இருக்கும். "எல்லா K-வுக்கும் நிலையானது" என்பது மாடலைப் பற்றிய வாக்கியம், மோட்டாரைப் பற்றியதல்ல.

ஆக்டேவில் ஓட்டிப் பார்:

```
pkg load control
for K = [0.02 2 100]
  figure; step(feedback(tf(K,[1 2 0]),1), 10)
end
```

முதல் படத்துக்கு மட்டும் 10-ஐ 500 ஆக்கு, இல்லையென்றால் ஏற்றத்தின் தொடக்கம் மட்டுமே தெரியும்.

சனிக்கிழமை கிண்டிக்கு வரும்போது தாமதத்தைச் சேர்த்து K = 40-க்கும் படம் எடுத்து வா. அடங்கும் நேரம், ஓவர்ஷூட், d = 1-க்கு மிஞ்சும் பிழை மூன்றையும் பக்கத்தில் எழுதி வை.