இடுப்பில் பரவி வரும் படை குறித்து அம்மாவுக்கு, புகைப்படத்துடன்

திருச்சி விடுதி
19 அக்டோபர் 2024, சனிக்கிழமை காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று இரவு தொலைபேசியில் பேசும்போது, என் குரல் ஏன் சோர்ந்திருக்கிறது என்று கேட்டீர்கள். பக்கத்தில் தோழிகள் இருந்ததால் தூக்கம் போதவில்லை என்று மட்டும் சொன்னேன். தூக்கம் போதாததற்குக் காரணம் அரிப்பு. இடது இடுப்பில், சுடிதார் நாடா கட்டும் இடத்தில், ஏழு வாரமாக ஒரு படை இருக்கிறது. அது பரவிக்கொண்டே வருகிறது. வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் எழுதி அனுப்புகிறேன். இதை நீங்கள் படிப்பதோடு, மருத்துவரிடமும் அப்படியே காட்டலாம்.

ஆகஸ்ட் 28 அன்று குளிக்கும்போதுதான் முதலில் பார்த்தேன். அப்போது அது ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றுச் சிறிதாக, சிவந்து, கொசுக்கடி போல இருந்தது. நாடா உரசியதால் வந்த புண் என்று எண்ணி, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறந்துவிட்டேன். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அது வட்டமாக விரிந்து, ஓரம் மட்டும் தடித்து, நடுப்பகுதி பழைய நிறத்துக்குத் திரும்பியது போல் ஆனது. இரவில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தாலும், வியர்த்த இடத்தில் அரிப்பு தாங்க முடியவில்லை.

அடுத்து நான் செய்தது தவறு. செப்டம்பர் 14 அன்று, கல்லூரிக்கு அருகில் உள்ள ஒரு மருந்துக்கடையில் அரிப்பு என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். மருத்துவர் சீட்டு எதுவும் கேட்காமல் கொடுத்தார்கள், நானும் கேட்டு வாங்கவில்லை. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்று சிவப்பும் மங்கியதால் சரியாகிவிட்டது என்று நம்பி, பன்னிரண்டு நாள் தடவிவிட்டு 26ஆம் தேதி நிறுத்தினேன். நான்கைந்து நாட்களில் அரிப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பியது. படையும் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது.

அதன் பிறகுதான் டியூபில் பொடி எழுத்தில் இருந்ததை முழுவதும் படித்தேன். அது நான்கு மருந்துகள் கலந்த களிம்பு. பூஞ்சைக்கான டெர்பினாஃபின் அதில் இருக்கிறது. கூடவே குளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டும் இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று அந்த டியூபிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் மாடியில் உள்ள, மருந்தியல் இறுதியாண்டு படிக்கும் அக்காவிடம் காட்டினேன். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், ஆனால் அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சை உள்ளே தாராளமாக வளரும், தடவுவதை நிறுத்தியதும் எல்லாம் சேர்ந்து வெளியே தெரியும் என்று அவர் விளக்கினார். எனக்கு நடந்தது வரிக்கு வரி அதேதான். வீரியமான ஸ்டீராய்டைத் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து வரி விழும் என்றும், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மடிப்பான இடங்களில் அது இன்னும் விரைவாக நடக்கும் என்றும் சொன்னார். அந்த டியூபை இனி நான் தொடப்போவதில்லை. மருத்துவரிடம் காட்டுவதற்காக மட்டும் ஓர் உறையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

பரவுவது உண்மையா, என் பயமா என்று எனக்கே ஐயம் இருந்தது. அதனால் அக்டோபர் 5 அன்று, படையின் ஓரத்தை ஒட்டி நீல நிறப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு வரைந்து, குளிக்கும்போது அழிய அழிய அதன் மேலேயே மீண்டும் வரைந்து வந்தேன். அன்று நீளம் ஐந்தரை செ.மீ., அகலம் 4 செ.மீ. இன்று காலை நீளம் ஏழரை, அகலம் ஐந்தரை. இரண்டு வாரத்தில் கோட்டைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரு செ.மீ. வெளியே போயிருக்கிறது. இது தவிர, தொப்புளுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒன்றும், இடது தொடையிடுக்கில் மங்கலாக ஒன்றும் இந்த வாரம் புதிதாகத் தெரிகின்றன.

இத்துடன் புகைப்படத்தை இணைத்திருக்கிறேன். இன்று காலை ஒன்பது மணிக்கு, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் என் அறைத்தோழி எடுத்தது. முந்தைய இரண்டு படங்களிலும் ஃபிளாஷ் பட்டுத் தோல் வெளிறித் தெரிந்ததால் அவற்றை அழித்துவிட்டேன். படையின் அருகில் அளவுகோல் வைத்திருக்கிறோம். நீலக் கோடும் தெரியும். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸப் அதைச் சுருக்கி, செதில்கள் எல்லாம் குழம்பிவிடுகின்றன. அதனால் ஆவணமாக அனுப்பியிருக்கிறேன். திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தால், வெளி ஓரத்தில் பொடிப் பொடியான கொப்புளம் போன்ற மேடும், அதன் மேல் வெள்ளைச் செதிலும் தெரியும். வலப்பக்க ஓரம் மட்டும் தெளிவில்லாமல் கலங்கி இருக்கிறது. களிம்பு அதிகம் பட்ட பக்கம் அதுதான். படத்தில் தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன்: நீர் வடியவில்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. அரிப்பு மட்டும் மாலையிலும், வியர்க்கும்போதும், படுக்கைக்குப் போனதும் கடுமையாக இருக்கிறது.

தேமல் என்றோ படை என்றோ சொன்னதும் உங்கள் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நம் தெருவில் ஓர் அம்மாவுக்குக் கையில் உணர்வில்லாத தேமல் வந்து, அது தொழுநோய் என்று தெரிந்தபோது நீங்கள் எவ்வளவு கலங்கினீர்கள் என்பதும், அவர் மாத்திரை எடுத்து நன்றாகக் குணமானதும் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் நானே பஞ்சைத் திரித்து, கண்ணை மூடிக்கொண்டு, தோழியைப் படையின் நடுவிலும் ஓரத்திலும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னேன். தொட்ட ஒவ்வொரு முறையும் தெரிந்தது. அந்த நோயின் தேமல் பொதுவாக அரிப்பதில்லை. இதுவோ அரித்தே என்னைத் தூங்கவிடவில்லை. வெண்புள்ளியும் இல்லை, நிறம் சிவப்பும் பழுப்புமாகத்தான் இருக்கிறது. பார்த்த எல்லோரும் படர்தாமரை என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

எங்கிருந்து வந்தது என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் நடுவில், கல்லூரி விழாவுக்காக ஒரு தோழியின் பட்டியாலா பேண்ட்டை இரண்டு நாள் வாங்கி உடுத்தினேன். அவளுக்கும் இதே போன்ற படை இருந்தது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் எங்கள் மாடியில் நான்கைந்து பேருக்கு இருக்கிறது. கொடியில் இடமில்லாமல் உள்ளாடைகளை அறைக்குள்ளேயே, பாதி ஈரத்தில் காயப்போட்டு உடுத்துகிறோம். இந்தப் புழுக்கத்தில் அது போதும். அதனால் அந்தப் பெண்ணின் மேல் நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அவளும் என்னைப் போலவே கடைக் களிம்பால் ஏமாந்தவள்தான்.

இப்போது நான் உங்களிடம் கேட்பவற்றுக்கு வருகிறேன். முதலாவது, இன்று மாலை அறந்தாங்கியில் தோல் மருத்துவர் வரும் நாள் அல்லவா, இந்தப் படத்தையும் கடிதத்தையும் அவரிடம் காட்டி, நான் செய்யப்போவது சரிதானா என்று கேளுங்கள். படத்தைப் பார்த்து அவர் மருந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். திங்கட்கிழமை காலை இங்கே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். அங்கே செதிலைச் சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். மருந்து தடவிக்கொண்டு போனால் சில சமயம் பூஞ்சை அதில் தெரியாமல் போய்விடும் என்பதால், அதுவரை எதையும் தடவாமல் இருக்கிறேன்.

இரண்டாவது மிக முக்கியமானது. இந்த அளவுக்குப் பரவிய படைக்குப் பல வாரங்கள் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். அத்தகைய மாத்திரைகளில் சிலவற்றைக் கொடுக்கும் முன் கல்லீரலின் நிலையைப் பார்க்க வேண்டுமாம். 2018இல், எட்டாம் வகுப்பில், எனக்கு மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் படுத்திருந்தேன் அல்லவா, அந்த இரத்தப் பரிசோதனைத் தாள்கள் பீரோவின் மேல்தட்டில், ரேஷன் கார்டு வைக்கும் பச்சைக் கோப்பில் இருக்க வேண்டும். அது எந்த வகைக் காமாலை என்று எனக்கு நினைவில்லை. தாள்களைத் தேடி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தனித்தனியாகப் படமெடுத்து, ஞாயிறு இரவுக்குள் அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே நான் வெளியே போக வேண்டும். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால்தான் விடுதிக் காப்பாளர் அனுமதிச் சீட்டு தருவார். நாளை மாலை ஐந்து மணிக்கு மேல் அவரிடம் பேசுங்கள். தோல் மருத்துவரைப் பார்க்க என்று சொன்னாலே போதும், படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அறைத்தோழி உடன் வருகிறாள்.

அப்பத்தாவிடம் நீங்கள் சொன்னால் சீமையகத்தி இலையை அரைத்து அனுப்பச் சொல்வார்கள், பூண்டைத் தேய்க்கச் சொல்வார்கள். அப்பத்தாவின் கைப்பக்குவத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் களிம்பு பட்டு மெலிந்திருக்கும் தோலில் பூண்டு பட்டால் வெந்துவிடும், இலையும் எரிச்சல் தரலாம். மருத்துவர் பார்க்கும்வரை வேண்டாம் என்று பதமாகச் சொல்லிவிடுங்கள். இடுப்பு தெரியும் படம் என்பதால், இதைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள், சித்தியிடமும் காட்டாதீர்கள். மருத்துவரிடம் உங்கள் கையாலேயே திறந்து காட்டுங்கள். அப்பாவிடம் சொல்லலாம், படம் தேவையில்லை.

தீபாவளிக்கு 30ஆம் தேதி வருகிறேன். எனக்குத் தனியாக ஒரு துண்டும் போர்வையும் எடுத்து வையுங்கள். தம்பி என் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவன், இந்த முறை அவனை விடக்கூடாது. என் துணிகளைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, மொட்டை மாடியில் வெயிலில் திருப்பிப்போட்டுக் காய வைப்போம். புதுத் துணி எடுப்பதாக இருந்தால், இறுக்கமான நாடா வைத்த பேண்ட் வேண்டாம் அம்மா, தளர்வான பருத்திப் பாவாடை போதும்.

மருத்துவர் என்ன சொன்னார் என்பதை இன்றிரவு எட்டரை மணிக்கு மேல் அழைத்துச் சொல்லுங்கள். அப்போது மாடி வராந்தாவில் தனியாக இருப்பேன்.

உங்கள் அன்பு மகள்,
கயல்