படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

வீட்டையே மாற்றச் சொல்லி எழுதுகிறேன் என்று பயப்பட வேண்டாம். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும் வழியை மட்டும் முதலில் சரி செய்வோம்.

பாத்ரூமில் இப்போது அம்மா பிடித்துக்கொள்வது துண்டு போடும் கம்பியை. அது துண்டின் எடைக்குத்தான். ஆள் சாய்ந்தால் கையோடு வந்துவிடும். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியும் வேண்டாம். ஈரத்தில் பிடி விட்டிருப்பது வெளியே தெரியாது. திருகாணி போட்டு மாட்டும் ஸ்டீல் கைப்பிடிதான் வேண்டும்: ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் கனம், சுவருக்கும் அதற்கும் ஒன்றரை அங்குல இடைவெளி. இடைவெளி கூடினால் முழங்கை வரை உள்ளே போய்ச் சிக்கும். கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம். அம்மா உயரம் குறைவு, அதனால் அவளை நிற்க வைத்துப் பார்த்துக் குறியுங்கள், அப்பாவின் கைக்கு அல்ல.

துளை போடும் முன் டைல்ஸைக் காசால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்டால் பின்னால் சிமெண்ட் இல்லை, அங்கே திருகாணியைப் பிடிக்கும் பிளக் நிற்காது. குறி வைத்த இடத்தில் டேப் ஒட்டி, டைல்ஸ் தாண்டும் வரை டிரில்லில் ஹேமர் போடாமல் துளைக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் விரிசல் விடும். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிளம்பரைக் கேட்டுவிட்டுத் துளைக்கட்டும். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியிலிருந்தும் திறக்க முடிகிற பூட்டு போடுங்கள்.

வெளிச்சம் என்றதும் அப்பா பெரிய வாட் பல்பாக வாங்கிவிடுவார். அம்மாவுக்குக் கண்புரை ஆரம்பித்திருக்கிறது, மூடியில்லாத பல்பு கண்ணில் கூசும், தரை இன்னும் தெரியாது. பால் நிற மூடி போட்ட விளக்கு இரண்டு, இரண்டு மூலையில். அட்டையில் வாட்டை விட்டுவிட்டு லூமன் பாருங்கள்; ஒவ்வொன்றும் 800 பக்கம் இருக்கட்டும். நடைவழியில் முழங்கால் உயரத்தில் ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சின்ன விளக்கு. திரைச்சீலை எதிரே வைத்தால் அது ஆடும்போதெல்லாம் எரியும்.

மாடிப்படிக்கு மேலும் கீழும் டூ வே சுவிட்ச். ஒவ்வொரு படி விளிம்பிலும் இரண்டு அங்குல மஞ்சள் பட்டை. ஒரே நிறக் கல்லில், இறங்கும்போது படி முடிவதே தெரிவதில்லை. நடுவில் கிடக்கும் மிதியடிகளை எடுத்துவிடுங்கள், அம்மா பின்னிய அந்தச் சிவப்பையும்தான். சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும்.

எலக்ட்ரீசியன் வரும்போதே, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தணும். கரண்ட் போகாவிட்டால் அது வேலை செய்யவில்லை.

அப்பா, இந்த பல்பு எதையும் நீங்கள் ஸ்டூலில் ஏறி மாட்டக் கூடாது. பணம் அனுப்புகிறேன், ஆள் வைத்தே செய்யுங்கள். கைப்பிடி மாட்டியதும் அதைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள், கமோடில் உட்கார்ந்தபடி. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எனக்கும் காட்டுங்கள்.

அன்புடன்,
சுமதி