செந்தூல் வண்டி வருது! (ஞாயித்துக்கிழமை கிள்ளான் மேட்ச்சுக்கு)

மச்சான்களா, போன மேட்ச்சுல நம்ம சத்தம் ரொம்ப கேவலம், ஆளாளுக்கு ஒண்ணு கத்துனீங்க யாரு என்ன சொல்றாங்கன்னே புரியல, அதனால இந்த தடவ ஒரே பாட்டுதான், முதல் பாதி நான் எடுப்பேன் கோட்டுக்கு அப்புறம் இருக்குறத எல்லாரும் சேந்து கத்தணும், உறுமி அடிக்கிற தம்பி மெதுவா ஆரம்பி, ரயிலு கெளம்புற மாதிரி போகப் போக ஸ்பீடு ஏத்து.

நம்ம பசங்க திடல்ல இறங்கும்போது:

வண்டி வருது! — எந்த வண்டி?
செந்தூல் வண்டி! — எங்க வண்டி!
பிரேக்கு இருக்கா? — இல்ல இல்ல!
வழிய விடு! — தள்ளு தள்ளு!
தடக் தடக்! — செந்தூல்!
தடக் தடக் தடக்! — செந்தூல்ல்ல்!

தாத்தா கையில — சுத்தியலு!
பேரன் கையில — பேட்டு!
ரெண்டு பேரும் ஓங்கி அடிச்சா
செந்தூல் பூரா — வேட்டு!

(சுத்தியலு எதுக்குன்னு கேக்குற சின்னப் பசங்களுக்கு, நம்ம தாத்தாங்க பாதிப் பேரு இங்க ரயில்வே பட்டறையில வேல செஞ்சவங்கடா, வீட்ல கேளு.)

நாம பேட்டிங்:

ஒண்ணு ரெண்டு — ஓடு ஓடு!
ஓடுனது போதும் — போடு போடு!
நாலு வேணும் — சாத்து சாத்து!
ஆறு வேணும் — தூக்கு தூக்கு!
பந்து எங்க? — காணோம் காணோம்!
எங்க போச்சு? — லொங்காங்குல!
யாரு எடுப்பா? — கிள்ளான் எடுப்பான்!

நாம பௌலிங், ஸ்பின்னர் வந்தா மட்டும்:

வீசு வீசு — ரொட்டி வீசு!
சுத்து சுத்து — பந்த சுத்து!
ஸ்டம்பு மூணும் — பறக்கட்டும்!
கட்டு பொட்டலம் — தபாவ்! தபாவ்!

தபாவ் விக்கெட்டு விழுந்த பிறகுதான், முன்னாடியே கத்திட்டு அடுத்த பந்துல அவன் சிக்ஸ் அடிச்சா நமக்குத்தான் அசிங்கம். பௌலர் ஓடி வரும்போது எல்லாரும் கம்முனு இருக்கணும், கெட்ட வார்த்த ஒண்ணு கூட வரக்கூடாது, அம்மாங்க அக்காங்க எல்லாம் வராங்க, அதுவும் இல்லாம அந்த டீம்ல என் பொண்டாட்டியோட தம்பி வேற ஆடுறான்.

நாலு மணிக்கு வழக்கம் போல இருட்டிக்கிட்டு வந்துச்சுன்னா, நாம ஜெயிக்கிற மாதிரி இருந்தா மட்டும்:

மழையே மழையே — பொறு பொறு!
ரெண்டே விக்கெட்டு — பொறு பொறு!

தோக்குற மாதிரி இருந்தா அப்படியே மாத்திக்கோங்க, மழையே மழையே வா வா.

கடைசி ஓவர், பந்துக்கு ஒரு விசில், உறுமி ஃபுல் ஸ்பீடு:

கூ! — ஒண்ணு!
கூ! — ரெண்டு!
கூ! — மூணு!
கூ! — நாலு!
கூ! — அஞ்சு!
கூஊஊ! — செந்தூல்!

ஜெயிச்சா, கைய ஆட்டிக்கிட்டே:

கிள்ளான் தம்பி — டாட்டா டாட்டா!
கொமுட்டர் புடிச்சு — டாட்டா டாட்டா!
எங்க மாறணும்? — கேஎல் சென்ட்ரல்!