நாளை புரூனோவுக்கு என்ன நடக்கும்

தர்ஷினி கண்ணு, நாளை சாயங்காலம் செந்தூல் கிளினிக்கில் என்ன செய்வார்கள் என்று கேட்டாயே, அம்மா உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

நம் நாய் புரூனோவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. மருந்தால் இனி சரியாகாது. அதனால் அவன் வலியில்லாமல் இறக்க டாக்டர் உதவப் போகிறார். முதலில் டாக்டர் ஒரு ஊசி போடுவார், சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் கண் சொக்கும். அப்புறம் முன்னங்காலில் சின்ன இடத்தில் முடியைச் சிரைத்து, ரத்த நாளத்தில் மெல்லிய குழாய் செருகுவார். அது வழியாகப் போகும் மருந்து மயக்க மருந்துதான், ஆனால் அளவு மிக அதிகம். சில நொடிகளில் அவனுக்கு நினைவு போய்விடும்; வலி தெரியாது. பிறகு மூச்சு நிற்கும், இதயமும் நிற்கும். இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு உறுதி செய்வார்.

கண் திறந்தே இருக்கலாம். கால் துடிக்கலாம், பெருமூச்சு மாதிரி ஒன்று வரலாம், மூத்திரம் போகலாம். பயந்துவிடாதே, தசைகள் தானாகச் செய்வது அது.

'தூங்க வைப்பது' என்று மாமா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இது தூக்கம் இல்லை. அவன் இறந்துவிடுவான், எழமாட்டான். நீ ராத்திரி தூங்குவது வேறு. நீ மைலோ பானத்தைக் கொட்டியதற்கும் அவன் நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

உள்ளே வருகிறாயா, பாட்டியோடு வெளியே இருக்கிறாயா, நீயே சொல். கடைசி நிமிடத்தில் மனசு மாறினாலும் சரி. இன்றைக்கு அவன் கேட்டால் கோழி கொடு, காரம் வேண்டாம்.