தாமதக் கொடுப்பனவு வட்டிக் கோரிக்கைக்கான பதில்

கொள்வனவு முகாமையாளர்,
தேயிலைத் தொழிற்சாலை, டிக்கோயா, ஹற்றன்.
2024 ஜூலை 8

உரிமையாளர் அவர்கட்கு,
காற்றாடி உற்பத்திப் பிரிவு, கோயம்புத்தூர்.

ஐயா,

கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கான நான்கு காற்றாடிகளின் விலையான 4,80,000 இந்திய ரூபாயைத் தாமதமாகச் செலுத்தியதற்கு, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன் கீழ் 29,473 ரூபாய் வட்டி கோரி ஜூலை 1ஆம் திகதி தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது.

பணம் ஜூன் 21ஆம் திகதியே அனுப்பப்பட்டது என்பதையும், அதில் ஒரு பகுதித் தாமதம் எங்களுடையது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால், இன்வொய்ஸ் திகதியான மார்ச் 4 முதல் முழுத் தொகைக்கும் 109 நாட்களுக்கு வட்டி கணக்கிட்டிருப்பதை ஏற்க இயலாது. தாங்கள் மேற்கோள் காட்டிய சட்டத்தின்படியே, காலம் இன்வொய்ஸ் எழுதிய நாளில் தொடங்குவதில்லை. பொருளை ஏற்ற நாளில் தொடங்குகிறது. பொருள் கிடைத்து 15 நாட்களுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபித்தால், விநியோகஸ்தர் அக்குறையை நீக்கிய நாளே ஏற்ற நாளாகும். அதன்பின் 45 நாட்கள் என்பது சட்டத்தின் உச்ச எல்லை. எங்கள் கொள்வனவுக் கட்டளையிலும் அதே 45 நாட்களே உள்ளன.

காற்றாடிகள் மார்ச் 18இல் தொழிற்சாலைக்கு வந்தன. ஓட்டிப் பார்த்தபோது இரண்டில் பேரிங் கையால் அசைக்கும் அளவுக்குத் தளர்ந்திருந்து, இதழ்கள் உறையில் உரசின. அன்று மாலைக் கொழுந்தை மற்றத் தொட்டிகளில் நெருக்கிப் பரப்ப வேண்டியதாயிற்று. மார்ச் 25இல் படங்களுடன் மின்னஞ்சலில் அறிவித்தோம். மாற்றுக் காற்றாடிகள் ஏப்ரல் 29இல் வந்தன. தாங்கள் தயங்காமல் மாற்றித் தந்ததை இங்கே நன்றியுடன் குறிப்பிடுகிறோம்.

ஆகவே, குறையில்லாத இரண்டுக்கான 2,40,000 ரூபாய்க்குக் கெடு மே 2. தாமதம் 50 நாட்கள். இதைப் பிரித்துச் செலுத்தாமல் விட்டது எங்கள் தவறே. மாற்றித் தந்த இரண்டுக்கான 2,40,000 ரூபாய்க்குக் கெடு ஜூன் 13. தாமதம் 8 நாட்கள்.

இச்சட்டத்தின் 18(4) பிரிவு, வசதிப்படுத்தும் சபையின் அதிகாரத்தை இந்தியாவில் எங்கேனும் உள்ள வாங்குபவருடனான பிணக்குகளைக் கொண்டே வரையறுக்கிறது. நாங்கள் இலங்கையில் இருக்கிறோம். கட்டளையிலும் வட்டி பற்றிய நிபந்தனை இல்லை. ஆதலால் இச்சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துவதாக ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கவுமில்லை.

இருப்பினும், பல பருவங்களாகத் தொடரும் கொள்வனவை ஒரு வட்டிக் கணக்குக்காகக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. தாங்கள் கையாண்ட வீதத்தையே, அதாவது இந்திய ரிசேர்வ் வங்கியின் 6.75 சதவீத வங்கி வீதத்தின் மும்மடங்கான 20.25 சதவீதத்தையே எடுத்து, கூட்டுவட்டியின்றி நாளொன்றுக்கு 133.15 ரூபாய் வீதம் 58 நாட்களுக்கு 7,723 ரூபாய் தர முன்வருகிறோம். இது பொறுப்பை ஏற்றதாகாது, இணக்கத்துக்காக மட்டுமே.

இதனை முழுத் தீர்வாக ஏற்பதாகத் தங்கள் கையொப்பத்துடனான கடிதமும், அத்தொகைக்கான பற்றுக் குறிப்பும் ஜூலை 22க்குள் கிடைத்தால், அவற்றை எங்கள் வங்கியில் சமர்ப்பித்து ஏழு வேலை நாட்களுக்குள் பணம் அனுப்ப அறிவுறுத்துவோம்.

இங்ஙனம்,
கொள்வனவு முகாமையாளர்

இணைப்பு: மார்ச் 25 மின்னஞ்சலின் பிரதி, இரு வரவுகளுக்குமான பொருள் ஏற்புச் சீட்டுகள், வங்கிப் பரிமாற்றச் சான்று.